மல்லிகைச் சரமும் வெள்ளைச் சுவரும்: வண்ண ஸ்லைடுக்கு ஏற்றபடி படத்தைக் கத்தரிக்கும் முறை

பின்னணியை நீக்கிய படம் வெள்ளை ஸ்லைடில் குறையே தெரியாமல் நிற்கும். அதையே கருஞ்சிவப்பு ஸ்லைடில் வைத்தால், ஆளைச் சுற்றி வெளிறிய கோடு ஒன்று ஓடும். மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழர் விழாக்களில் திரையில் வரும் படங்களில் இந்தக் கோட்டை அடிக்கடி பார்க்கலாம். சிலர் அதை மறைக்க ஆளைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுவிடுவார்கள். அது கோட்டை மறைப்பதில்லை. இன்னும் தடிமனாக்கிக் காட்டுகிறது.

கோடு எங்கிருந்து வருகிறது? வெள்ளைச் சுவரின் முன் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூந்தலும் சுவரும் சந்திக்கும் இடத்தில் இரண்டு மூன்று பிக்சல்கள் முழுக் கருப்பாகவும் இருக்காது, முழு வெள்ளையாகவும் இருக்காது. கருப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில் சுவரின் வெளிச்ச அளவு 240, கூந்தலின் அளவு 30 என்று வைத்துக்கொண்டால், நடுவில் இருக்கும் பிக்சல் 135 அளவில் சாம்பலாக இருக்கும். அதில் பாதி சுவர். நாம் சுவரை நீக்கினாலும் அந்தப் பிக்சல் சுவரின் நிறத்தைச் சுமந்துகொண்டே ஸ்லைடுக்கு வருகிறது. வெள்ளை ஸ்லைடில் அது கலந்துவிடும், கருஞ்சிவப்பில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். நடன வகுப்பு ஒன்றின் ஆண்டு விழாவுக்கான ஸ்லைடு. பச்சைப் பட்டு உடுத்தி, தலை நிறைய மல்லிகை வைத்த ஒரு பெண்ணை, இடுப்பு வரை தெரியும்படி, வெள்ளைச் சுவரின் முன் கைப்பேசியில் எடுத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக வந்தால் சுருங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். ஸ்லைடின் நிறம் கருஞ்சிவப்பு, குறியீடு #7A1F2B. கருவி, இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள்.

பவர்பாயிண்டிலேயே Remove Background இருக்கிறதே என்று கேட்பீர்கள். கருநிறச் சட்டைக்காரர் வெளிர் சுவரின் முன் நிற்கும் படத்துக்கு அது போதும். இங்கே போதாது. வெள்ளைச் சுவரோடு வெள்ளைப் பூவையும் அது தின்றுவிடும். “பூவைக் காணோமே?” என்று நடன ஆசிரியை கேட்ட பிறகு திருத்துவதைவிட, முதலிலேயே கையால் வெட்டுவது சுலபம்.

முதலில் ஸ்லைடின் நிறத்தை அடியில் விரியுங்கள்

படத்தை ஜிம்ப்பில் திறந்து, Layer → Transparency → Add Alpha Channel கொடுங்கள். பிறகு Layer → New Layer மூலம் ஒரு புதிய அடுக்கை உருவாக்கி, #7A1F2B நிறத்தால் நிரப்பி, படத்துக்குக் கீழே இழுத்து வையுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. வழக்கமாகத் தெரியும் சாம்பல் கட்டங்களின் மேல் பார்த்தால் எல்லா வெட்டும் நன்றாகத்தான் தெரியும். ஸ்லைடின் நிறத்தின் மேல் பார்த்தால்தான் குறை கண்ணில் படும்.

பூவின் ஓரத்தைக் கண்டுபிடியுங்கள்

வெள்ளைச் சுவரில் வெள்ளை இதழின் எல்லை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் படத்தில் அது இருக்கிறது: சுவர் 240 என்றால் இதழின் ஓரம் 225 இருக்கலாம். பட அடுக்கை Layer → Duplicate Layer மூலம் நகல் எடுங்கள். அந்த நகலின்மேல் Colors → Levels திறந்து, Input Levels வரிசையின் இடது ஓரத்து எண்ணை 0-இலிருந்து 180 ஆக்குங்கள். இப்போது 225 இருந்த இடம் 153 ஆகவும், 240 இருந்த இடம் 204 ஆகவும் மாறும். 15 அளவே இருந்த வித்தியாசம் 51 ஆகிவிட்டதால், இதழ்கள் ஒவ்வொன்றாகத் தனித்துத் தெரியும். முகமும் கூந்தலும் கருத்துப் பயங்கரமாக இருக்கும்; கவலைப்பட வேண்டாம். இந்த நகல் வழிகாட்டி மட்டுமே, பிறகு அழித்துவிடப் போகிறோம்.

இரண்டு தவணையாகத் தேர்வு செய்யுங்கள்

Free Select கருவியை எடுத்து, 200 சதவீதப் பெரிதாக்கத்தில், பூவை விட்டுவிட்டு உடல் முழுவதையும் சிறு சிறு சொடுக்குகளால் சுற்றி வாருங்கள். தொடங்கிய புள்ளியில் முடித்து Enter அழுத்துங்கள். பறக்கும் தனி முடிகளைத் துரத்த வேண்டாம். கூந்தலின் திரண்ட விளிம்போடு நில்லுங்கள்.

அடுத்து Select → Shrink கொடுத்து 3 பிக்சல் உள்ளே சுருக்குங்கள். சுவர் கலந்த அந்தச் சாம்பல் பிக்சல்களில் பெரும்பாலானவை இதிலேயே வெளியே போய்விடும். 4000 பிக்சல் உயரமுள்ள படத்தில் 3 பிக்சல் குறைவதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சின்னப் படமென்றால் 1 போதும். அதற்கு மேல் போனால் விரல்கள் மெலிந்துவிடும்.

பூவுக்கு இந்தச் சுருக்கம் கூடாது. இதழே வெள்ளையாக இருப்பதால் ஓரத்தில் ஒட்டிய வெள்ளை அங்கே உறுத்தாது. சுருக்கினால்தான் இதழ் நுனி மழுங்கும். ஆகவே Shift விசையை அழுத்திக்கொண்டு, நகலைப் பார்த்தபடி சரத்தைத் தனியாகச் சுற்றி, முன்பிருந்த தேர்வோடு சேருங்கள். கூந்தலோடு சேரும் பக்கத்தில் கூந்தலுக்குள் கொஞ்சம் தள்ளியே சுற்றலாம். கடைசியாக, தேர்வின் ஓரத்தை மென்மையாக்க Select → Feather, 2 பிக்சல்.

நகலை அழித்துவிட்டு மூலப் பட அடுக்கைச் சொடுக்குங்கள். Layer → Mask பகுதியில் முகமூடி சேர்க்கும் கட்டளையைக் கொடுத்து, பெட்டியில் Selection என்பதைத் தேர்ந்தெடுங்கள். சுவர் மறைந்து கருஞ்சிவப்பு தெரியும். Select → None கொடுத்துத் தேர்வை விலக்கிவிடுங்கள். எதுவும் அழியவில்லை, மறைந்துதான் இருக்கிறது: முகமூடியின் மேல் வெள்ளைத் தூரிகை ஓட்டினால் திரும்பி வரும், கருப்பு ஓட்டினால் மறையும். தோளுக்கும் கைக்கும் இடையில் சிக்கிய சுவர்த் துண்டுகளை இப்படியே கருப்பால் துடைத்துவிடுங்கள். அவற்றை மறப்பவர்களே அதிகம்.

கூந்தலில் மிஞ்சிய சாம்பல்

கூந்தல் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வெளிறல் மிஞ்சும். அதற்காக மறுபடி சுருக்கினால் தலை சிறுத்துவிடும். கோப்பை ஜிம்ப்பின் சொந்த வடிவமான .xcf ஆகச் சேமித்துவிட்டு, அதன் ஒரு பிரதியில் மட்டும் இதைச் செய்யுங்கள். Layer → Mask → Apply மூலம் முகமூடியை உறுதிசெய்து, அடுக்குப் பட்டியலில் Lock alpha channel பொத்தானை அழுத்துங்கள். இனி தூரிகை வெளியே சிந்தாது. தூரிகையின் Mode-ஐ Darken only என்று மாற்றி, Ctrl விசையோடு கூந்தலின் உட்பகுதியைச் சொடுக்கி அந்த நிறத்தை எடுத்துக்கொண்டு, ஓரத்தில் மென்மையாக ஓட்டுங்கள். எடுத்த நிறத்தைவிட வெளிறிய பிக்சல்கள் மட்டுமே கருக்கும். ஏற்கெனவே அதைவிடக் கருப்பாக இருக்கும் முடி அப்படியே இருக்கும். பூவின் பக்கம் மட்டும் போகாதீர்கள், இதழும் கருத்துவிடும்.

தலை மெழுகுப் பொம்மை மாதிரி வழவழப்பாகத் தெரிந்தால், அடியில் ஒரு புதிய அடுக்கில் மெல்லிய தூரிகையால் இரண்டு மூன்று முடிகளை நீங்களே வரைந்துவிடலாம். உண்மையான முடியை வெட்டி எடுப்பதைவிட இது நன்றாக வருகிறது என்பது என் எண்ணம்.

ஸ்லைடில் உட்கார வைப்பது

கருஞ்சிவப்பு அடுக்கின் கண் சின்னத்தை அணைத்து, Image → Crop to Content கொடுத்து, Image → Scale Image-இல் உயரத்தை 1080 ஆக்குங்கள். முழு எச்டி புரொஜெக்டரின் உயரமே அவ்வளவுதான். பிறகு File → Export As சென்று .png ஆகச் சேமியுங்கள். ஜேபெக் வடிவத்தில் ஒளிபுகும் தன்மை நிற்காது. இந்தக் கோப்பையும் வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் வெட்டியதெல்லாம் வீண், டாக்குமெண்டாகவே அனுப்புங்கள்.

இடுப்போடு முடியும் படத்தை ஸ்லைடின் நடுவில் மிதக்க விடாதீர்கள். வெட்டுப்பட்ட அடிப்பகுதி ஸ்லைடின் கீழ் விளிம்பைத் தொட்டு, இம்மியளவு வெளியே போகும்படி வையுங்கள். அந்தப் பெண் எந்தப் பக்கம் பார்க்கிறாளோ அந்தப் பக்கம் எழுத்துக்கு இடம் விடுங்கள். விழாவுக்கு முந்தின நாள் யாராவது “கருஞ்சிவப்பு வேண்டாம், மஞ்சளாக்குங்கள்” என்பார்கள். அப்போது .xcf கோப்பைத் திறந்து அடி அடுக்கை மஞ்சளாக்கி ஓரங்களை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மஞ்சளில் சாம்பல் கோடு அவ்வளவாக உறுத்தாது. மல்லிகையின் ஓரம்தான் மங்கித் தெரியும்.