டி-ஷர்ட் லேபிளை வைத்தே, துவைத்த பிறகு என்ன ஆகும் என்று கணிப்பது எப்படி?

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரே விலைக்கு மூன்று கறுப்பு டி-ஷர்ட் கிடைக்கும். தொட்டுப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பத்துத் துவைப்புக்குப் பிறகு ஒன்று குட்டையாகும், ஒன்றில் முடிச்சு முடிச்சாக உருண்டை எழும், ஒன்று தொளதொளவென்று ஆகும். எது எப்படி ஆகும் என்பதைப் பக்கத் தையலின் உட்புறத்தில் இருக்கும் லேபிளே பெருமளவு சொல்லிவிடும்.

முதலில் சதவீதத்தைப் பாருங்கள்

100% காட்டன் என்றிருந்தால் நீளம் குறையும் என்று எதிர்பாருங்கள். பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது. சாயமிட்டு, உலர்த்தி, வெட்டும் மேசைக்கு வரும் வரை அது நீளவாக்கில் இழுபட்டுக்கொண்டே வருகிறது. தண்ணீரில் நனைந்ததும் நூல் ஊதி, இழுபட்ட கண்ணிகள் தம் பழைய வடிவத்துக்குத் திரும்புகின்றன. அதனால்தான் அகலத்தைவிட நீளம் அதிகம் குறைகிறது. காம்பாக்டிங் இயந்திரத்தில் துணியை முன்கூட்டியே நெருக்கிவிட்டால் இந்தச் சுருக்கம் குறையும். ஆனால் அது நடந்ததா என்பதைப் பெரும்பாலான லேபிள்கள் சொல்வதில்லை. ஆகவே காட்டனுக்கு 5% சுருக்கம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

60% காட்டன், 40% பாலியஸ்டர் என்றால் சுருக்கம் குறைவு. பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சி ஊதாது. அது துணியைப் பிடித்து நிறுத்துகிறது. இங்கே தொல்லை வேறு. அக்குள், இடுப்பு என்று உரசும் இடங்களில் இழை வெளியே வந்து சிக்கி உருண்டையாகும். காட்டன் மட்டுமுள்ள துணியில் அந்த உருண்டை சீக்கிரம் அறுந்து விழுந்துவிடும். பாலியஸ்டர் இழை வலுவானது என்பதால் விடாமல் தொங்கும்.

95% காட்டன், 5% எலாஸ்டேன் (கடையில் லைக்ரா என்பார்கள்) உடம்போடு ஒட்டி அழகாக இருக்கும். சூடும் குளோரின் பிளீச்சும்தான் அதன் எதிரி. கொதிக்கும் தண்ணீரும் சூடான இஸ்திரியும் பட்டுப் பட்டு, இழுத்தால் திரும்பி வரும் குணம் போய்விடும். வாங்கும்போதே ஓரத்தில் 10 செ.மீ. அளவை 13 செ.மீ. வரை இழுத்து விடுங்கள். சில நொடிகளில் 10-க்குத் திரும்பாவிட்டால் அந்தத் துணி இப்போதே தளர்ந்தது.

விஸ்கோஸ் அல்லது ரேயான் கலந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நனைந்தால் அதன் வலு குறையும். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீளும்.

பிறகு குறிகள்

தொட்டி வடிவக் குறிக்குள் இருக்கும் எண், தண்ணீரின் அதிகபட்சச் சூடு: 30 அல்லது 40 டிகிரி. முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் பிளீச் கூடாது. சதுரத்துக்குள் படுக்கைக் கோடு ஒன்று இருந்தால், தொங்கவிடாமல் பரப்பி உலர்த்த வேண்டும். இந்தக் கடைசிக் குறியைத்தான் பலரும் கவனிப்பதில்லை; உருவம் கெடும் என்று தயாரித்தவரே தரும் எச்சரிக்கை அது.

ஒரு துவைப்பில் சோதியுங்கள்

புதுச் சட்டையை இழுக்காமல் மேசையில் பரப்புங்கள். கழுத்துப் பட்டையை ஒட்டிய தோள் முனையிலிருந்து கீழ் மடிப்பு வரை அளந்து எழுதுங்கள். அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே அகலத்தையும் எழுதுங்கள். லேபிளில் சொன்னபடி துவைத்து, பரப்பி உலர்த்தி, முழுக்கக் காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். ஈரத்தில் அளந்தால் கணக்கு தப்பும்.

100% காட்டன் சட்டை ஒன்று 70 செ.மீ.யிலிருந்து 66.5-க்கு வந்தது என்று வையுங்கள். குறைந்தது 3.5; அதை 70-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 5%. ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் போய்விட்டது. அகலம் 52-லிருந்து 51 ஆனால் 2%தான். இடுப்பில் சரியாக நின்ற சட்டை, இனி கையைத் தூக்கினால் மேலேறும். எனவே இந்த ரகத்தில் நீளம் அந்த ஒன்றரை அங்குலம் கூடுதலாக இருப்பதை எடுங்கள். அகலத்துக்காக ஒரு சைஸ் கூட்ட வேண்டியதில்லை.

பக்கத் தையலையும் பாருங்கள். கீழே அது வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால், நூலின் முறுக்கு தளர்ந்து துணி திருகிக்கொண்டது என்று பொருள். ஒரே அடுக்காகப் பின்னிய சிங்கிள் ஜெர்சித் துணியில் இது அதிகம். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் நிலையாக நேராகாது.

சாயத்துக்கு, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் உட்புறத் தையல் ஓரத்தைப் பத்து முறை தேயுங்கள். கறை படிந்தால் முதல் சில முறை தனியாகத் துவையுங்கள். கறை படியாமலே கறுப்பு மங்குவதும் உண்டு: மேற்பரப்பு இழை உரசி எழும்பி, வெளிச்சத்தில் சாம்பலாகத் தெரியும். உள்புறம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்தால் இது தள்ளிப்போகும். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டால் வெள்ளைப் படிவும் சேர்ந்து ஒட்டும். அது சாயம் போனதல்ல. நல்ல தண்ணீரில் திரவ சோப்பு போட்டு அலசிப் பார்த்தால் கறுப்பு ஓரளவு திரும்பும்.