பர்சேஸ் ஆர்டர் படத்தில் ஏழு பொருள், பதினைந்து வரிசை

ஸ்கேன் செய்த பர்சேஸ் ஆர்டர் படத்திலிருந்து அட்டவணையை OCR மூலம் எடுத்தேன். ஆர்டரில் ஏழு பொருள்கள்தான். எனக்கு வந்ததோ பதினைந்து வரிசை. சில பொருள்களின் விவரம் மூன்று வரிகளாக மடங்கியிருந்ததால் ஒவ்வொரு வரியும் தனி வரிசையாகிவிட்டது.

எண் இல்லாத வரியை மேல் வரிசையோடு ஒட்டிப் பார்த்தேன். அதுவும் தப்பு. அளவும் விலையும் கட்டத்தின் நடுவில், அதாவது விவரத்தின் இரண்டாவது வரிக்கு நேராக இருந்தன. அதனால் இரண்டாம் பொருளின் முதல் வரி முதல் பொருளோடு போய் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் எழுத்தை விட்டுவிட்டு அட்டவணையின் கோடுகளைப் பிடித்தேன்.

```
tesseract po.png out --psm 6 tsv
```

இது ஒவ்வொரு சொல்லுக்கும் `top`, `height` தரும். கிடைக்கோடுகளை OpenCV-யில் எடுத்தேன். சொல்லின் நடு உயரம் எந்த இரு கோடுகளுக்கு இடையில் விழுகிறதோ, அதுவே அதன் வரிசை. ஏழு சரியாக வந்தது.

டெலிவரி தேதி மட்டும் மூன்று வரிசைகளுக்குச் சேர்த்து ஒரே கட்டத்தில் இருந்தது. அந்த நெடுவரிசையில் மட்டும் இடைக்கோடு இல்லை. ஆகவே கோடுகளை நெடுவரிசை வாரியாகத் தேடி, தேதியை மூன்றிலும் நிரப்பினேன். தொகைக் கட்டம் இணைந்திருந்தால் இப்படி நிரப்பக் கூடாது, கூட்டும்போது அந்தத் தொகை மூன்று முறை சேர்ந்துவிடும். கோடே இல்லாத ஆர்டருக்கு இந்த வழி உதவாது.