52 வார உச்சம்: வரலாற்றை நாளுக்கு ஒருமுறை கேட்டால் போதும்

புதிய 52 வார உச்சம் தொட்டவற்றைத் தேடி நிஃப்டி 500 பங்குகளையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அலசும் என் நிரல், ஒவ்வொன்றுக்கும் ஓராண்டு விலைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், கோரிக்கைகள் அளவு மீறிவிட்டன என்று புரோக்கர் சர்வர் 429 பிழை காட்டி நிறுத்திவிடும்.

நேற்றுவரையிலான உச்சம் பகலில் மாறப்போவதில்லை. அதனால் சந்தை திறக்கும் முன்பே அதை நிதானமாக இறக்கிக் கோப்பில் வைத்துவிடுகிறேன். பகலில், பல பங்குகளின் விலையை மொத்தமாகத் தரும் கோரிக்கைகள் மட்டும்தான்.

```
if day_high > old_high[s]:
    alert(s)
    old_high[s] = day_high
```

கடைசி விலையை அல்ல, அன்றைய உச்சத்தை ஒப்பிடுங்கள். இடையில் தொட்டுவிட்டு இறங்கிய பங்கும் அப்போதுதான் சிக்கும்.

பங்குப் பிரிப்பைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ₹1,000 உச்சம் கண்ட பங்கு ஐந்தாகப் பிரிந்தபின் அதை ₹200 என்று திருத்தாவிட்டால், ₹210 தொட்டாலும் எச்சரிக்கை வராது.