பாறை மீனும் கம்பங்கூழும்

புதுச்சேரியில் பிரெஞ்சு கற்கத் தொடங்கியபோது இரண்டு அட்டைகள் என்னைப் பாடாய்ப் படுத்தின. poisson என்றால் மீன். Boisson என்றால் பானம். எட்டு முறை தவறியதும், சொல் அட்டைகளை நாள் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் கேட்கும் ஆங்கி செயலியே மீன் அட்டையை நிறுத்திவைத்தது. குற்றம் நினைவில் அல்ல, காதில். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ப’தானே!

ஆனால் அந்த ஒரே எழுத்தை நாம் ‘பாறை’யில் அழுத்தமாகவும் ‘கம்பு’வில் அதிர்வோடும் ஒலிக்கிறோம். ஆகவே மீனுக்குப் பாறை மீன், பானத்துக்குக் கம்பங்கூழ் என்று முடிச்சுப் போட்டேன். இரண்டையும் சேர்த்துப் படித்ததும் தவறுதான். பானத்தை ஒதுக்கி, மீனின் இடைவெளி பத்து நாளைத் தாண்டிய பிறகே, ஒலிப்பதிவுடன் திரும்பச் சேர்த்தேன். அதன்பின் குழப்பமில்லை.

மேலே, கீழே எனப் பொருள்படும் dessus, dessous இரட்டையிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. முதல் சொல்லின் கடைசி உயிரொலி தமிழில் எங்குமே இல்லை.