டேலி ஆன கணக்கிலும் சமான அலகு தப்பாக இருக்கலாம்

முதலில் வந்தது முதலில் போகும் என்ற ஃபிஃபோ முறையில் செயல்முறைக் கணக்கு போடுபவர்கள் கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்துவிட்டால் பேனாவை மூடிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் அது போதாது. சமான அலகை, அதாவது அரைகுறை வேலையை முழு அலகுகளாக மாற்றிச் சொல்லும் எண்ணை, தப்பாக எடுத்தாலும், அதே தப்பான அலகால் வகுத்து அதாலேயே திரும்பப் பெருக்கினால் மொத்தம் சரியாகத்தான் வரும்.

ஓர் உதாரணம். மாதத் தொடக்கத்தில் 800 அலகுகள் அரைகுறையாக நிற்கின்றன. பொருள் முழுவதும் போட்டாகிவிட்டது. கூலியும் மேற்செலவும் 60% முடிந்திருக்கின்றன. இதுவரை ஆன செலவு ரூ. 20,600. இந்த மாதம் 4,000 அலகுகள் புதிதாக உள்ளே வருகின்றன. 4,200 முடிந்து அடுத்த பிரிவுக்குப் போகின்றன. மீதி 600-ல் பொருள் 100%, கூலி-மேற்செலவு 50%. இந்த மாதச் செலவில் பொருள் ரூ. 80,000, கூலி-மேற்செலவு ரூ. 48,240. சேதாரம் இல்லை.

அதிகம் பேர் சறுக்குவது அந்த 60%-ல்தான். 800-ஐ 60%-ஆல் பெருக்கி 480 என்று எழுதிவிடுகிறார்கள். ஃபிஃபோ கேட்பது இந்த மாதம் நடந்த வேலையை மட்டும். 60% போன மாதமே முடிந்துவிட்டது. இந்த மாதம் செய்தது மீதி 40%, அதாவது 320. பொருளில் செய்ய ஒன்றும் பாக்கியில்லை, எனவே பூஜ்யம். இறுதிச் சரக்கில் மட்டும் கொடுத்த சதவீதத்தை அப்படியே எடுக்கிறோம், ஏனென்றால் அங்கே நடந்த வேலை முழுக்க இந்த மாதத்தது. வினாத்தாளில் இரண்டு சதவீதமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கை தானாக ஒரே மாதிரி பெருக்கிவிடுகிறது.

அடுத்தது 4,200. இதில் பழைய 800-உம் அடக்கம். அதைக் கழித்து, இந்த மாதமே தொடங்கி இந்த மாதமே முடிந்த 3,400-ஐ எழுத வேண்டும். கழிக்காமல் 320-க்குக் கீழே 4,200 என்று போட்டால் அந்த 800 இரண்டு முறை எண்ணப்படுகிறது.

சரியான கணக்கு இப்படி: பொருளுக்கு 0 + 3,400 + 600 = 4,000. கூலி-மேற்செலவுக்கு 320 + 3,400 + 300 = 4,020. அலகுக்குப் பொருள் ரூ. 20, கூலி-மேற்செலவு ரூ. 12, மொத்தம் ரூ. 32.

320-க்குப் பதில் 480 போட்டிருந்தால் ரூ. 12 என்பது ரூ. 11.54 ஆகும். இறுதிச் சரக்கு ரூ. 15,600-க்குப் பதில் சுமார் ரூ. 15,462. குறைந்த ரூ. 138 அடுத்த பிரிவுக்குப் போன சரக்கின் தலையில் ஏறிவிடும். கணக்கு டேலி ஆகும். 4,200-லிருந்து 800-ஐக் கழிக்காதவருக்கு இறுதிச் சரக்கு ரூ. 13,000 அளவுக்கு இறங்கிவிடும், அவருக்கும் டேலி ஆகும்.

அதனால் வகுப்பதற்கு முன்பே சோதிக்க வேண்டும். முடிந்த அலகுகளோடு இறுதிச் சரக்கின் சமான அலகைக் கூட்டி, தொடக்கத்தில் ஏற்கெனவே முடிந்திருந்த வேலையைக் கழியுங்கள். கூலி-மேற்செலவுக்கு 4,200 + 300 − 480 = 4,020; பொருளுக்கு 4,200 + 600 − 800 = 4,000. ஆரம்பத்திலேயே பொருள் முழுவதும் சேரும் பிரிவில், சேதாரமும் இல்லையென்றால், பொருளின் சமான அலகு உள்ளே வந்த அலகுக்குச் சமமாகத்தான் இருக்கும். இங்கே 4,800 வந்தால் அது, போன மாத வேலையையும் சேர்த்தே எண்ணும் சராசரி முறையின் எண்.

தொடக்கச் செலவு ரூ. 20,600-ஐ வைக்கும் இடத்தில் வருவது வேறு வகைத் தவறு. சராசரி முறைப் பழக்கத்தில் அதை இந்த மாதச் செலவோடு கூட்டி வகுப்பார்கள். பிறகு மதிப்பிடும்போது 800 அலகுகளுக்கு மறுபடியும் சேர்ப்பார்கள். இந்தத் தவறு தானே காட்டிக்கொடுக்கும்: வித்தியாசம் துல்லியமாக ரூ. 20,600 இருக்கும். ஃபிஃபோவில் அந்தத் தொகை அலகு விலைக்குள் நுழையவே கூடாது. அது நேராக 800 அலகுகளின் மதிப்பில் போய் உட்காரும்: 20,600 + (320 × 12) = ரூ. 24,440. அதோடு 3,400 × 32 = ரூ. 1,08,800. வெளியே போன 4,200-ன் மதிப்பு ரூ. 1,33,240. இறுதிச் சரக்கு ரூ. 15,600 சேர்த்தால் ரூ. 1,48,840, செலவான மொத்தமும் அதுவே.

சிலர் அவசரத்தில் 4,200 முழுவதையும் ரூ. 32-ஆல் பெருக்கி ரூ. 1,34,400 என்பார்கள். ரூ. 1,160 அதிகம். அதை மறைக்க இறுதிச் சரக்கை மீதித் தொகையாக ரூ. 14,440 என்று போட்டுவிடுவார்கள். இறுதிச் சரக்கை எப்போதும் தனியாக, சமான அலகை அலகு விலையால் பெருக்கியே கண்டுபிடியுங்கள். மீதித் தொகையாகப் போட்டால் முன்னால் செய்த எல்லாத் தப்பும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

இதில் 800 அலகுகள் தலா ரூ. 30.55-க்கும், 3,400 அலகுகள் ரூ. 32-க்கும் முடிந்திருக்கின்றன. அடுத்த பிரிவுக்குள் நுழையும்போது இந்த இரண்டு விலையையும் பொதுவாகத் தனித்தனியே சுமப்பதில்லை, ரூ. 1,33,240-ஐ 4,200-ஆல் வகுத்து, சுமார் ரூ. 31.72 என்ற ஒரே விலையில் எடுத்துக்கொள்கிறார்கள்.