பல்வேறு, பல் வேறு: விளம்பர வரியில் சிலேடை சறுக்கும் இடங்கள்

புதிதாக விளம்பர வரி எழுத வருகிறவர்களின் வரைவுகளில் ஒரே மாதிரியான சறுக்கல்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. எழுத்துப்பிழை, வளவளப்பு எல்லாம் அவர்களுக்கே தெரியும். சிலேடையில் வரும் கோளாறு மட்டும் எழுதியவருக்குத் தெரிவதில்லை. இரண்டு பொருளும் ஏற்கெனவே அவர் மனதில் இருக்கின்றனவே!

சொல்லுக்குள் சரக்கை ஒளித்துவைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு பல் மருத்துவமனைக்காக இளைஞர் ஒருவர் 'பல்வேறு சிகிச்சைகள், ஒரே இடத்தில்' என்று எழுதி வந்தார். 'பல்' மட்டும் சிவப்பில். சரி, மிச்சம் இருப்பது என்ன? 'வேறு'. பல் வேறு, ஈறு வேறு என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தானே மருத்துவரிடம் போகிறோம்? அப்புறம் வடிவமைத்தவர் இடம் போதாமல் அந்தச் சொல்லையே உடைத்தார். மேல் வரியில் 'பல்', கீழே 'வேறு சிகிச்சைகள்'. பலகை மேலே ஏறிய பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள். மறுபடி அச்சடிக்கும் செலவு யார் தலையில் என்று ஒரு சண்டை வேறு.

பிரிமொழிச் சிலேடை என்றால் பிரித்த துண்டுகளுக்கும் பொருள் வேண்டும். அந்தப் பொருள் காசு கொடுப்பவரின் காலை வாராமலும் இருக்க வேண்டும். அதே மருத்துவமனைக்கு 'உங்கள் சிரிப்பு பல்லாண்டு வாழ்க' என்று வைத்துப் பாருங்கள். சிலேடை பிடிபடாதவருக்கும் அது நல்ல வாழ்த்து. 'சிரிப்பு' முன்னாலேயே வந்துவிடுவதால் பல் தானாக நினைவுக்கு வருகிறது. 'பல் ஆண்டு' என்று பிரித்து, பல் அரசாள்வதாக எடுத்துக்கொண்டாலும் மருத்துவருக்கு நட்டமில்லை. ஆனால் இங்கேயும் 'பல்'லுக்குத் தனி நிறம் கொடுத்தால் கெட்டது. புணர்ச்சியில் ல் இரட்டித்திருப்பதால் மிஞ்சுவது 'லாண்டு'.

வரைவு கையில் இருக்கும்போதே ஒன்று செய்யலாம். நிறம், குறி எதுவும் இல்லாமல், என்ன தொழில் என்றும் சொல்லாமல், வரியை மட்டும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நேர்ப்பொருளே அவருக்கு இடறினால் சிலேடை அதைக் காப்பாற்றாது.

காளமேகத்தைத் துணைக்கு அழைப்பது

'அவர் எழுதவில்லையா?' என்பார்கள். பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தப் பாடிய வெண்பாவின் கடைசி அடியில் அவரே இரண்டின் பெயரையும் சொல்லிவிடுகிறார். பாட்டைப் படிப்பவரும் சிலேடையை எதிர்பார்த்தே உட்காருகிறார். பலகையைக் கடந்து போகிறவருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அடைப்புக்குறி

சிலேடையைச் சுட்டிக்காட்ட அது வேண்டாம்.

ஒரே வரியில் இரண்டு சிலேடை

ஒன்றை வெட்டுங்கள்.

ல, ள, ழ விளையாட்டு

விதை விற்பவருக்காக 'நல்ல விளைக்கு வாங்குங்கள்' என்று எழுதினால் படிப்பவர் எழுத்துப்பிழை என்றே நினைப்பார். வானொலியில் போட்டால் பலர் காதில் 'விளை'யும் 'விலை'யும் ஒன்றுதான், அங்கே சிலேடையே இல்லை. அதற்கும் முன்னால், மெய்ப்பு பார்க்கிறவர் 'விலைக்கு' என்று திருத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பார். அவர் மேல் குற்றமும் இல்லை.