பொது கம்ப்யூட்டரில் முழுதாக வெளியேறுவது எப்படி?

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பில்லிங் கவுண்டரில் மதிய ஷிப்ட் பார்த்தபோது நான் பட்ட பாடு இது. ஒரு நாள் என் லாகின் திறக்கவில்லை. காலை ஷிப்ட் அக்கா, "என் பேர்லயே போட்டுக்கப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டார். 2:40க்கு நான் ஒரு பில்லை கேன்சல் செய்தேன். ராத்திரி கணக்கில் பணம் உதைத்தது. பதிவில் இருந்தது அவர் பெயர். அந்த நேரத்தில் அவர் திருமங்கலம் பஸ்ஸில் இருந்தார். அது நான் செய்தது என்று நிரூபிக்க என்னிடமும் ஒன்றுமில்லை.

சரி, இப்படி ஒருவர் பெயரில் இன்னொருவர் வேலை பார்க்காமலிருக்க, ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது விண்டோஸில் செய்ய வேண்டியது.

முதலில் பில்லிங் சாஃப்ட்வேருக்குள் போய் லாக்அவுட் கொடுங்கள். பிரவுசரை X போட்டு மூடினால் மட்டும் போதாது. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி குரோமில் செட்டிங் இருந்தால், திரும்பத் திறக்கும்போது உங்கள் லாகினும் அப்படியே வந்து நிற்கலாம்.

அப்புறம் எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு Ctrl+Alt+Del அழுத்துங்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். Lock, Switch user, Sign out மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். முதல் இரண்டில் எதை அழுத்தினாலும் திரை மறைந்துவிடும், நாம் வெளியேறிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். உண்மையில் நம் செஷன் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். பொது டிரைவில் நாம் திறந்து வைத்த எக்செல் ஃபைலை அடுத்தவர் திறந்தால், வேறொருவர் எடிட் செய்கிறார் என்று நம் பெயரைக் காட்டி மறிக்கும். டீ குடிக்கப் போக Lock, வீட்டுக்குப் போக Sign out. எனக்கு மெனுவைவிட Command Prompt திறந்து அடிக்கும் கமாண்டே பிடிக்கும், கை தவறாது:

```
shutdown /l
```

கடைசி எழுத்து சின்ன எல். அதை விட்டுவிட்டு /s போட்டால் மெஷினே அணைந்துவிடும்.

அடுத்த ஷிப்டுக்கு வருபவர் தன் லாகினில் நுழைந்ததும் இதை அடித்துப் பார்க்கலாம்:

```
query user
```

தலைப்பு வரிக்குக் கீழே உங்கள் பெயர் மட்டும் வந்தால் பெரும்பாலும் நிம்மதி; அட்மின் உரிமை இல்லாத லாகினில் அடுத்தவர் செஷன் தெரியாமலும் போகலாம். இன்னொரு பெயருக்கு நேராக Disc என்று இருந்தால், முன்னவர் முழுதாக வெளியேறவில்லை. அட்மின் உரிமை இருந்தால் logoff என்று அடித்து, பக்கத்தில் அந்த வரியின் ID எண்ணைப் போட்டு வெளியேற்றலாம். ஆனால் அவர் சேவ் செய்யாதது போய்விடும், அதனால் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: query user வேலை செய்யவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் அது கிடையாது. Task Manager திறந்து Users பகுதியைப் பாருங்கள்.

லாகின் திறக்காவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். ஐடி ஆளுக்குப் போன் போட்டு ரீசெட் கேளுங்கள், சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், அதுவரை கை பில் புத்தகத்தில் எழுதுங்கள். எனக்கு அன்று ரீசெட்டுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.